மூணை விட ரெண்டு பெருசு

போன செமஸ்டர் லேப் வைவாவில் எக்ஸ்டெர்னல் என்னிடம் கேட்ட கேள்வி இது: "ஃபெரிக் ஹைட்ராக்சைடு கூழ்மம் உன் கையில இருக்கு. அதைத் திரிய வைக்கணும். அலுமினியம் குளோரைடு, பொட்டாசியம் சல்பேட், இந்த ரெண்டுல எது கம்மியா போதும்?"

நான் யோசிக்கவே இல்லை. அலுமினியத்துக்கு மூணு சார்ஜ், பொட்டாசியத்துக்கு ஒண்ணு. "அலுமினியம் குளோரைடு சார்"னு டக்குனு சொல்லிட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "சரி, அடுத்தது"ன்னு பேப்பரைத் திருப்பினார். வெளியே வந்து கேட்டா, எங்க பேட்ச்ல பாதிப் பேர் அதையேதான் சொல்லியிருக்கோம். அடுத்த மாசம் இதே லேப் தேர்வு எழுதப் போற ஜூனியர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. விடை வேற. அது ஏன் வேறன்னு புரிஞ்சுட்டா இந்தப் பாடத்துல மனப்பாடம் பண்ண ஒண்ணுமே மிஞ்சாது.

முதல்ல ஒரு வார்த்தை. நான் ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம். 'கோயாகுலேஷன்' மட்டும்தான் தெரியும். தமிழ்ப் புத்தகத்தில் அதுக்கு 'திரிதல்'னு போட்டிருக்கிறதைப் பார்த்தப்போதான் உறைச்சது. அம்மா "பால் திரிஞ்சு போச்சு"ன்னு சொல்ற அதே திரிதல். பாலும் ஒரு கூழ்மம்தான். அதுல இருக்கிற புரதத் துகள்கள் எல்லாம் எதிர் மின்சுமையோட ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு மிதக்குது. எலுமிச்சம் பழம் பிழிஞ்சா அந்த மின்சுமை போயிடுது. தள்ள எதுவும் இல்லாததால் துகள்கள் ஒட்டிக்கிட்டு கட்டி கட்டியா ஆயிடுது. நம்ம லேப்ல நடக்கிறதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனா அங்கே மின்சுமையை முழுசா அழிக்கவே வேண்டாம். அதை மறைச்சாலே போதும்.

செய்முறையைச் சொல்லிடறேன். 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரைக் கொதிக்க வைங்க. 2 சதவீத ஃபெரிக் குளோரைடு கரைசல் 10 மி.லி. எடுத்து, கொதிக்கிற நீரில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்க. மஞ்சளா இருந்தது கருஞ்சிவப்பா மாறும், ஆனா கலங்காது. ஸ்ட்ராங் டீ மாதிரி தெளிவா இருக்கும்.

எங்க டீம் முதல் தடவை இங்கேயே கோட்டை விட்டோம். காய்ச்சி வடித்த நீர் கேன் காலி. யாரு மாடி இறங்கிப் போறதுன்னு குழாய்த் தண்ணியைப் பிடிச்சுக் கொதிக்க வெச்சோம். செங்கல் கரைச்ச மாதிரி கலங்கி, பத்து நிமிஷத்துல அடியில வண்டல். ஏன்னு அப்போ தெரியலை. கொஞ்சம் கீழே வரும்போது உங்களுக்கே தெரிஞ்சிடும்.

இப்போ, தெளிவா இருக்கிற இந்தச் சிவப்பு நீர் உண்மையான கரைசலா, கூழ்மமா? கண்ணால சொல்ல முடியாது. ஒளியை விட்டுப் பார்த்தா சொல்லலாம். லேசர் பாயின்டரைப் பக்கவாட்டில் அடிங்க (கண்ணுக்கு நேரா வேண்டாம்). உப்புக் கரைசலில் கதிர் போற தடமே தெரியாது. கூழ்மத்தில் கோடு போட்ட மாதிரி தெரியும். இதுதான் டிண்டால் விளைவு. ஒரு சின்ன எச்சரிக்கை: இந்தக் கூழ்மம் நீலத்தையும் பச்சையையும் நல்லா விழுங்கும். பச்சை லேசர் உள்ளே கொஞ்ச தூரம் போய் அணைஞ்சிடும். அதைப் பார்த்து "டிண்டால் வரலை"ன்னு எழுதிடாதீங்க. ஒரு பங்குக்கு நாலு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து நீர்க்கச் செய்யுங்க, இல்லைன்னா சிவப்பு லேசர் எடுங்க.

இந்தக் கதிரைச் சும்மா 'இருக்கு, இல்லை' சோதனைக்கு மட்டும் பயன்படுத்தினா வீண். திரிதல் தொடங்கிடுச்சான்னு நம்ம கண்ணுக்கு முன்னாடியே அது சொல்லிடும். ஒளியின் அலைநீளத்தை விட ரொம்பச் சின்னத் துகள் சிதறடிக்கிற ஒளி, அதன் ஆரத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. எட்டுத் துகள் சேர்ந்து ஒரே உருண்டை ஆச்சுன்னு வைங்க. கன அளவு எட்டு மடங்கு, அதனால ஆரம் ரெண்டு மடங்கு. ரெண்டின் ஆறாம் அடுக்கு 64. முன்னாடி எட்டுத் துகள் சேர்ந்து எட்டுப் பங்கு ஒளி சிதறடிச்சது, இப்போ ஒரே ஒரு துகள் 64 பங்கு சிதறடிக்குது. பொருள் ஒரு துளி கூடக் கூடலை, ஆனா கதிர் எட்டு மடங்கு பளிச்சுனு ஆயிடுச்சு. அதனால உப்பு சேர்த்ததும் கதிரின் தடம் திடீர்னு பிரகாசமானா ஒட்ட ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அப்புறம் தடத்துக்குள்ள சின்னச் சின்னப் புள்ளிகள் மினுங்கும். கடைசியில் எல்லாம் அடியில் படிஞ்சு, மேலே இருக்கிற தெளிந்த நீரில் தடமே மங்கிடும். வண்டலுக்காகக் காத்திருக்கிறவங்களுக்கு இந்த நடுக்கட்டம் தெரியவே தெரியாது.

சரி, துகள்கள் ஏன் முதல்ல இருந்தே ஒட்டலை? ஃபெரிக் ஹைட்ராக்சைடு துகளின் பரப்பில் ஹைட்ரஜன் அயனியும் இரும்பு அயனியும் ஒட்டிக்கிட்டு அதுக்கு நேர் மின்சுமை கொடுக்குது. எல்லாத் துகளும் நேர், அதனால நெருங்கினா தள்ளும். அந்த நேர்ப் பரப்பைச் சுத்தி, நீரில் இருக்கிற குளோரைடு மாதிரி எதிர் அயனிகள் ஒரு கூட்டமா சூழ்ந்திருக்கும். இதைத்தான் மின் இரட்டை அடுக்குன்னு சொல்றாங்க. உப்பு சேர்த்தா இந்தக் கூட்டம் அடர்த்தியாகி, துகளின் மின்சுமையைப் பக்கத்துத் துகளுக்குத் தெரியாம மறைக்குது. மறைச்ச பிறகு ரெண்டு துகள் மோதினா, எப்பவுமே இருக்கிற வாண்டர் வால்ஸ் ஈர்ப்பு பிடிச்சு ஒட்ட வெச்சிடும்.

இதுவரைக்கும் எனக்கும் வைவா அன்னிக்கே தெரியும். தெரியாம இருந்தது இதுதான்: பரப்புக்குப் பக்கத்துல எந்த அயனி எவ்வளவு கூடும்?

25 டிகிரி செல்சியஸில் ஒற்றை மின்சுமை அயனிக்கு வெப்ப ஆற்றலோட மின்னழுத்தக் கணக்கு 25.7 மில்லிவோல்ட். பரப்பின் மின்னழுத்தம் அதைப் போல மூணு மடங்கு, அதாவது சுமார் 77 மில்லிவோல்ட்னு வைங்க. போல்ட்ஸ்மேன் கணக்குப்படி, பரப்பை ஒட்டிய இடத்தில் குளோரைடின் செறிவு வெளியே இருப்பதைப் போல e³ மடங்கு, அதாவது சுமார் 20 மடங்கு. சல்பேட்டுக்கு ரெண்டு மின்சுமை, அதனால e⁶, சுமார் 400 மடங்கு. மூணு மின்சுமை உள்ள ஃபெர்ரிசயனைடுக்கு e⁹, சுமார் 8000 மடங்கு. மின்சுமை 1, 2, 3ன்னு ஏறுது. கூட்டம் 20, 400, 8000ன்னு ஏறுது. மின்சுமை அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கிறதுதான் காரணம். (அயனிகளைப் புள்ளியா நினைச்சுப் போட்ட கணக்கு. துல்லியமான எண் இல்லை, போக்கைக் காட்டும்.)

இப்போ அதே கணக்கில் அலுமினியத்தைப் போடுங்க. அது நேர் அயனி. துகளும் நேர். அடுக்குக்குறி கழித்தல் ஒன்பது. பரப்பை ஒட்டி அலுமினியம் இருக்கிறது வெளியே இருப்பதில் 8000ல் ஒரு பங்கு! அதாவது அது அந்தப் பக்கமே வரலை. அதோட மூணு சார்ஜ் எவ்வளவு பெருசோ அவ்வளவு வேகமாக அது விரட்டப்படுது. நான் எந்த எண்ணை நம்பி விடை சொன்னேனோ அந்த எண்தான் அந்த அயனியை வேலைக்கே வராம செஞ்சது. அலுமினியம் குளோரைடில் உண்மையா வேலை செய்யறது பாவம் அந்தக் குளோரைடுதான்.

அளந்த எண்களைப் பாருங்க. கூழ்மத்தைத் திரிய வைக்கத் தேவைப்படுற குறைந்தபட்சச் செறிவைத் திரிதல் மதிப்புன்னு சொல்றோம். ஃபிராய்ண்ட்லிஷ் அளந்து, இன்னிக்கும் புத்தகங்களில் வர்ற மதிப்புகளில், ஃபெரிக் ஹைட்ராக்சைடு கூழ்மத்துக்குச் சோடியம் குளோரைடு லிட்டருக்கு 9.25 மில்லிமோல் வேணும். பொட்டாசியம் சல்பேட் 0.205 மில்லிமோல் போதும். எடையில் சொன்னா, ஒரு லிட்டருக்குச் சாப்பாட்டு உப்பு 541 மில்லிகிராம், பொட்டாசியம் சல்பேட் வெறும் 36 மில்லிகிராம். மோல் கணக்கில் 45 மடங்கு வித்தியாசம். அலுமினியம் குளோரைடில் ஒரு மோலுக்கு மூணு மோல் குளோரைடு. அதனால 9.25ஐ மூணால் வகுத்தா சுமார் 3 மில்லிமோல். உண்மையில் அது நீரை அமிலமாக்கி, துகளின் நேர் மின்சுமையை இன்னும் ஏத்தும். அதனால கூடத்தான் ஆகும், குறையாது. எப்படிப் பார்த்தாலும் சல்பேட்டை விடப் பதினைந்து மடங்காவது அதிகம். வைவா கேள்விக்கு விடை முடிஞ்சது.

எதிர் மின்சுமை கொண்ட கூழ்மத்தை எடுத்தா எல்லாம் தலைகீழ். ஆர்செனிக் சல்பைடு கூழ்மத்தை நம்ம லேப்ல செய்ய விட மாட்டாங்க (விடவும் கூடாது), ஆனா அளவீடு இருக்கு. அது எதிர் மின்சுமைத் துகள், அதனால அங்கே நேர் அயனிதான் ஆள். சோடியம் குளோரைடு 51 மில்லிமோல், மெக்னீசியம் குளோரைடு 0.72, அலுமினியம் குளோரைடு 0.093. முதலுக்கும் ரெண்டாவதுக்கும் சுமார் 70 மடங்கு, முதலுக்கும் மூணாவதுக்கும் சுமார் 550 மடங்கு. அலுமினியம் இங்கேதான் ராஜா. 1882ல் ஷுல்ஸ் இந்தக் கூழ்மத்தில்தான் மின்சுமை எண்ணோட தாக்கத்தைக் கவனிச்சார். 1900 வாக்கில் ஹார்டி, முட்டை வெள்ளைக்கருவைச் சூடாக்கிச் செஞ்ச கூழ்மத்தை வெச்சு, அமிலத்தில் அது ஒரு மின்முனைக்கும் காரத்தில் மறு முனைக்கும் போகுதுன்னு காட்டி, துகளோட குறிக்கு எதிர்க் குறி உள்ள அயனிதான் கணக்குன்னு சேர்த்தார். நம்ம நோட்ஸ்ல ஹார்டி–ஷுல்ஸ் விதின்னு ஒரே வரியில் இருக்கிறதால, ரெண்டாவது பாதியை எல்லாரும் விட்டுடறோம்.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரலாம். அயனிவலிமை கூடினதாலதான் திரிஞ்சதுன்னு சொன்னா என்ன? 0.72 மில்லிமோல் மெக்னீசியம் குளோரைடின் அயனிவலிமை 2.16 மில்லிமோல்தான். சோடியம் குளோரைடுக்கோ 51. ரெண்டும் ஒரே வேலையைச் செஞ்சிருக்கு. அப்போ அயனிவலிமை மட்டும் காரணமா இருக்க முடியாது, பரப்பு ஓரத்துக் கூட்டம்தான் காரணம். டெர்யாகின், லாண்டாவ் 1941லும், வெர்வே, ஓவர்பீக் 1948லும் இதை முழுசாக் கணக்குப் போட்டு, பரப்பு மின்னழுத்தம் அதிகமா இருந்தா திரிதல் மதிப்பு மின்சுமையின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதம்னு கொண்டு வந்தாங்க. 1, 64ல் ஒண்ணு, 729ல் ஒண்ணு. மேலே பார்த்த 70, 550க்குப் பக்கத்துலதான். மின்னழுத்தம் குறைவா இருந்தா ஆறு இறங்கி ரெண்டு பக்கம் வந்திடும். அதனால "எப்பவும் ஆறாம் அடுக்கு"ன்னு எழுதாதீங்க.

குழாய்த் தண்ணி கதைக்கு வருவோம். குடிநீரில் சல்பேட் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. 96ஆல் வகுத்தா ரெண்டு மில்லிமோலுக்குக் கொஞ்சம் மேலே. நம்ம கூழ்மம் திரிய 0.205 போதும். அதாவது தாராளமாகக் குடிக்கக்கூடிய தண்ணியில், இந்தக் கூழ்மத்தைக் கொல்லத் தேவையான சல்பேட் பத்து மடங்கு இருக்கலாம். போதாக்குறைக்கு அதுல இருக்கிற பைகார்பனேட், துகளுக்கு மின்சுமை கொடுக்கிற ஹைட்ரஜன் அயனியையும் பிடுங்கிடும். நாங்க கூழ்மம் செய்யலை, செய்யும்போதே திரிய வெச்சிருக்கோம். சோதனைக் குழாயைக் கழுவி ஈரத்தோட வெச்சாக்கூட முதல் குழாய் தப்பா வரும். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில்தான்.

தேர்வில் செய்யறப்போ, ஒவ்வொரு குழாயிலும் 5 மி.லி. கூழ்மம் எடுத்து, உப்புக் கரைசலும் காய்ச்சி வடித்த நீரும் சேர்த்து மொத்தம் 10 மி.லி. ஆக்குங்க. 0.1 M சோடியம் குளோரைடு 1 மி.லி. சேர்த்தா குழாயில் 10 மில்லிமோல். 0.002 M பொட்டாசியம் சல்பேட் 1 மி.லி. சேர்த்தா 0.2 மில்லிமோல். ரெண்டுக்கும் ஒரே ஸ்டாக் செறிவு எடுத்தீங்கன்னா, சல்பேட் முதல் சொட்டுலயே திரிஞ்சு, அளக்க எதுவும் இருக்காது. முதல்ல நீரைச் சேருங்க, உப்பைக் கடைசியாச் சேர்த்து உடனே கவிழ்த்துக் கலக்குங்க. கலக்காம விட்டா சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் செறிவு ஏறி, கட்டி விழுந்து உங்களை ஏமாத்தும். ரெண்டு மணி நேரம் ஆடாம வெச்சு, நடுநடுவே லேசர் அடிச்சுப் பாருங்க.

உங்க எண் புத்தகத்தோடு ஒத்துப் போகாது, பயப்படாதீங்க. எங்களுக்கு சல்பேட் 0.3 பக்கத்திலும், உப்பு 20 பக்கத்திலும் வந்தது. கூழ்மத்தை செலோஃபேன் பையில் கட்டி டயாலிசிஸ் செய்யணும், நாங்க அவசரத்தில் அரை மணி நேரத்தோட நிறுத்திட்டோம். மிச்சம் இருந்த அமிலம் துகளின் மின்சுமையை ஏத்தி வெச்சிருந்தது. விகிதம் மட்டும் மோசமில்லை. அதுக்காகக் குளோரைடே இல்லைன்னு ஆகுற வரைக்கும் டயாலிசிஸ் பண்ணாதீங்க. மின்சுமை கொடுக்கிற அயனிகளும் கூடவே போய், கூழ்மம் பையிலேயே திரிஞ்சிடும்.

இன்னொண்ணு, சேறு கலந்த தண்ணியில் படிகாரம் போட்டா தெளியறதை "அலுமினியத்துக்கு மூணு சார்ஜ், களிமண் துகள் எதிர்"னு மட்டும் சொல்லி முடிச்சிடறோம். பாதிதான் சரி. சாதாரணக் குடிநீரின் pH 7க்குப் பக்கத்துல அலுமினியம் மூணு சார்ஜோட தனியா நிக்காது. நீரோட வினைபுரிஞ்சு அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சு பஞ்சா உருவாகி, சேற்றை வாரிக்கிட்டு இறங்கும். சில pHகளில் அளவு மீறிப் போட்டா, துகள் மேல் நேர் மின்சுமை ஏறி, தெளிஞ்ச தண்ணி திரும்பவும் கலங்கிடும். அதனாலதான் சுத்திகரிப்பு நிலையத்தில் விதியை நம்பாம, வரிசையா பீக்கர் வெச்சு ஜார் டெஸ்ட் பண்றாங்க.

கடைசியா, அந்த எக்ஸ்டெர்னல் எனக்கு அடுத்து உள்ளே போன ஃப்ரெண்டிடம் கேட்டதைச் சொல்லணும். "ஃபெரிக் ஹைட்ராக்சைடு கூழ்மத்துல படிகாரம் போட்டா திரியுமா?" திரியும்னு சொன்னான், சரி. ஏன்னு கேட்டதுக்கு அலுமினியம்னு சொன்னான், போச்சு. படிகாரம் KAl(SO₄)₂. ஒரு மோலில் ரெண்டு மோல் சல்பேட் இருக்கு, சுமார் 0.1 மில்லிமோல் படிகாரமே போதும். வேலை செஞ்சது சல்பேட், பேர் வாங்கினது அலுமினியம். நம்பிக்கை இல்லைன்னா ரெண்டு குழாயைப் பக்கத்துல வைங்க. ஒண்ணுல 0.2 மில்லிமோல் படிகாரம், இன்னொண்ணுல 0.2 மில்லிமோல் அலுமினியம் குளோரைடு. ரெண்டுலயும் அலுமினியம் ஒரே அளவு. முதல் குழாயில் கதிர் பளிச்சுனு ஏறி, வண்டல் இறங்கும். ரெண்டாவது மறுநாள் காலையிலும் ஸ்ட்ராங் டீ மாதிரியேதான் நிக்கும்.